வித்தியாசம் ஒரு அங்குலமா, ஆறு அங்குலமா, ஒரு அடியா?

கேள்வி: "கிளிநொச்சியில் வீட்டில் இருந்தபடி சின்னக் கொந்தராத்துக்காரர்களுக்குப் பிளான் கீறிக் கொடுக்கிறேன். கொப்பித் தாளில் கீறியதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பாதி விளங்காது. கீறி அனுப்பினால் அடுத்த நாள் அளவு மாறிவிட்டது என்பார்கள். ஒரு வீட்டுக்கு ஆறேழு தரம் திருத்துகிறேன், காசு ஒரு தரம்தான் வருகிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை. காசில் முடித்திருக்கிறீர்கள், ஆனால் காசுக்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஆறேழு திருத்தத்தில் எத்தனை உண்மையான மாற்றம்? நான் வவுனியாவில் படவரைஞர் படிப்பு முடித்து, மாங்குளம், மல்லாவி, கிளிநொச்சி என்று இதே வேலையைச் செய்து வருகிறேன். என் கணிப்பில் பாதிக்கு மேல் மாற்றமே இல்லை. சுவர் அங்கேயேதான் நிற்கிறது. அதை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் நாடா வைத்து அளக்கிறார்கள், நாங்கள் ஒவ்வொரு தரமும் கோட்டை நகர்த்துகிறோம். இந்தப் பொய் மாற்றத்தைப் பிரித்தெடுக்கப் பழகினால் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு உண்மையான மாற்றம்தான். அதற்குக் காசு கேட்பது அவ்வளவு கடினம் இல்லை.

பிரித்தெடுப்பது எப்படி என்றால், பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை அந்த வித்தியாசமே பெரும்பாலும் சொல்லிவிடும். ஒரு வேலையை எடுத்து முழுதாகக் காட்டுகிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், கணக்கு அப்படியே.

வன்னியில் உங்களுக்கும் எனக்கும் வருகிற வேலையில் நிறைய, இந்திய வீட்டுத்திட்ட வீட்டோடு ஒட்டிப் பின்னுக்கு இரண்டு அறை இறக்குவதுதான். ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் ஏறக்குறைய 550 சதுர அடியில் எழும்பிய வீடுகள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் காணாது. இந்த வேலையும் அதுதான். பின்பக்கச் சுவர் முழுவதற்கும் ஒரு வரிசையில் அறை, நடுவில் ஒழுங்கை மாதிரி ஒரு நடை, மற்றப் பக்கம் இன்னொரு அறை. கொந்தராத்துக்காரர் சி.ஆர் கொப்பித் தாளில் நீலப் பேனையால் கீறி அனுப்பினார். வெளியளவு 27. உள்ளே 11, 4, 10. ஆழம் 10. சுவர் ஆறு இஞ்சிக் கல்லு என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கதவு எங்கே திறக்கிறது என்பதும் யன்னல் உயரமும் இல்லை. அதெல்லாம் பிறகு.

தாள் கைக்கு வந்ததும் கணினியைத் திறக்க முன் செய்ய வேண்டியது ஒரு கூட்டல். 11, 4, 10 சேர்ந்தால் 25 அடி. வெளியளவு 27. மிச்சம் 2 அடி. அந்த வரிசையில் நாலு சுவர், ஒவ்வொன்றும் 6 அங்குலம், நாலு ஆறு இருபத்துநாலு அங்குலம், சரியாக 2 அடி. கணக்கு மூடிவிட்டது. இதிலிருந்து எனக்கு இரண்டு விசயம் தெரியும். எண்கள் தங்களுக்குள் முரணில்லை. அதோடு, இவர் சொல்கிற அளவெல்லாம் கல்லுக்குக் கல்லு, பூச்சில்லாத அளவு. அவர் எங்கேயும் அதை எழுதவில்லை, கூட்டல்தான் சொன்னது.

கீறி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "அண்ணை, அளவு மாறிட்டுது. பெரிய அறை 10 அடி 11 அங்குலம். வெளி 27 அடி 1 அங்குலம்." அறை ஒரு அங்குலம் சின்னதாகியிருக்கிறது, வீடு ஒரு அங்குலம் பெரிதாகியிருக்கிறது. அறை சின்னதானால் வீடும் சின்னதாக வேண்டுமே என்று குழம்பினால் இரவு முழுக்கக் கோடு நகர்த்த வேண்டிவரும். இது பூச்சு. சுவரின் ஒவ்வொரு முகத்திலும் அரை அங்குலம் பூச்சு ஏறும். அறைக்கு இரண்டு பக்கமும் அரை அரை, ஆக உள்ளே ஒரு அங்குலம் குறையும். வெளியே இரண்டு முனையிலும் அரை அரை, ஆக ஒரு அங்குலம் கூடும். சரிபார்க்க வேண்டுமென்றால் மறுபடி கூட்டுங்கள்: 10 அடி 11, 3 அடி 11, 9 அடி 11, மொத்தம் 24 அடி 9. பூசிய சுவர் 7 அங்குலம், நாலு சுவர் 28 அங்குலம், அதாவது 2 அடி 4. சேர்த்தால் 27 அடி 1. அவர் சொன்னது அப்படியே வருகிறது. யாரோ ஒருவர் பழைய வீட்டின் பூசிய பின் சுவரை வெளியே அளந்திருக்கிறார், அறையைப் பூச்சுக் கழித்துச் சொல்லியிருக்கிறார். பிளானில் ஒரு கோடும் நகரவில்லை.

அரை அங்குலம் என்பது நல்ல மேசனின் கை என்பதையும் சொல்ல வேண்டும். கல்லு மேடு பள்ளமாகக் கட்டின சுவரில் முக்கால் அங்குலமும் ஏறும். ஆகவே ஒன்று அல்லது ஒன்றரை அங்குல வித்தியாசம், அதுவும் உள்ளளவு குறைந்து வெளியளவு கூடினால், முதலில் பூச்சைச் சந்தேகப்படுங்கள். கல்லா பூச்சா என்ற ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

அடுத்த கிழமை மேசனே நேரே எடுத்தார். "பெரிய அறை பதினொன்றரை என்று கிடக்குது, பிளானில 11 என்று போட்டிருக்கிறீங்கள்." ஆறு அங்குலம். இதுவும் மாற்றம் இல்லை. அவர் அத்திவாரத்துக்கு முளை அடித்து, சுவர் நடுவில் இருந்து அடுத்த சுவர் நடுவுக்கு நூல் பிடித்திருக்கிறார். 11 அடி அறை, இரு பக்கமும் அரைச் சுவர் 3 அங்குலம், மூன்றும் மூன்றும் ஆறு. வித்தியாசம் சரியாக ஒரு சுவர்த் தடிப்பாக வந்தால் அது நடுவளவு. இரண்டு சுவர்த் தடிப்பாக, இங்கே ஒரு அடியாக வந்தால், வெளிமுகத்தில் இருந்து வெளிமுகத்துக்கு அளந்திருப்பார்கள்.

ஒரு அடி வித்தியாசத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாடாவின் கொக்கி உடைந்துபோன ஆட்கள் 1 அடிக் கோட்டை மூலையில் பிடித்து அளப்பார்கள், கடைசியில் ஒன்றைக் கழிக்க மறப்பார்கள். எங்கள் பக்கம் உள்ள நாடாக்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும்.

இனி எழுத்துப் பிரச்சினை. இதில் நான் ஆரம்பத்தில் நன்றாக அடிபட்டேன். கொப்பித் தாளில் 10.6 என்று இருந்தால் அது பத்து தசம் ஆறு அடி அல்ல, 10 அடி 6 அங்குலம். கல்குலேற்றர் பழக்கத்தில் 10.6 அடி என்று எடுத்தால் 10 அடி 7 அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே போய்விடும், ஒன்றேகால் அங்குலம் பிழை. இது பூச்சு மாதிரியே தெரியும், அதனால்தான் பிடிபடாது. இதைவிட மோசம் 10.1. அது 10 அடி 1 அங்குலமா, 10 அடி 10 அங்குலத்தில் கடைசிச் சைபர் விழுந்ததா? தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. புள்ளி வைத்து எழுதின அளவில் ஒன்று வந்தால் ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். வட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரிவது வேறு. அதையே டொக்கியுமெண்டாக அனுப்பச் சொன்னால் படம் சுருங்காது.

அந்த வேலைக்குத் திரும்புகிறேன். மூன்றாவது தரம் வந்தது உண்மையிலேயே வேறு எண். "பின்னுக்கு வெளியளவு 27 அடி ஐந்தரை." ஒன்று, ஆறு, பன்னிரண்டு, எதிலும் அடங்காத எண். இப்படி வந்தால் நான் கேட்பது, எந்த இடத்தில் அளந்தீர்கள் என்று. பழைய வீட்டுச் சுவரை ஒட்டி அளந்தபோது 27 அடி 1, புது வேலையின் கடைசி முளையில் அளந்தபோது 27 அடி ஐந்தரை. வீட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக வித்தியாசம் கூடினால் அது மூலைமட்டம் இல்லாத வீடு. பழைய பக்கச் சுவருக்கு நேராக நூலை இழுத்துக்கொண்டு பின்னுக்குப் போயிருக்கிறார்கள், அந்தச் சுவர் பின் சுவருக்குச் செங்குத்து இல்லை.

போனிலேயே சரிபார்க்க வைத்தேன். பின் சுவரில் மூலையில் இருந்து 6 அடியில் ஒரு அடையாளம், இழுத்த நூலில் மூலையில் இருந்து 8 அடியில் ஒரு அடையாளம், இரண்டுக்கும் இடையில் குறுக்கே அளக்கச் சொன்னேன். மூலைமட்டம் சரியென்றால் 10 அடி வர வேண்டும். 10 அடி 2 அங்குலம் வந்தது. ஓட்டோகாட்டில் மூலையில் 8 அடி ஆரத்தில் ஒரு `CIRCLE`, 6 அடிப் புள்ளியில் 10 அடி 2 அங்குல ஆரத்தில் இன்னொன்று போட்டால் இரண்டும் வெட்டுகிற புள்ளி வழியாகத்தான் அந்த நூல் போகிறது. கோணம் 92 பாகை வந்தது. பின் சுவரில் இருந்து பத்தரை அடி தள்ளி, அதாவது 10 அடி அறையும் 6 அங்குலச் சுவரும் தாண்டி, நூல் ஏறக்குறைய நாலரை அங்குலம் வெளியே போய்விடும். 27 அடி 1 அங்குலத்தோடு நாலரை அங்குலம் சேர்த்தால் 27 அடி ஐந்தரை. அந்த எண்ணும் வீட்டுக்கு வந்துவிட்டது.

மற்ற மூலையையும் பார்க்கச் சொன்னேன், அது சரியாக இருந்தது. இதைச் சொல்லக் காரணம், ஒரு மூலை பிழையென்றால் எல்லாம் பிழையென்றோ, ஒன்று சரியென்றால் எல்லாம் சரியென்றோ எடுக்கக் கூடாது. நாலு மூலையும் பார்ப்பது பத்து நிமிட வேலை.

இங்கேதான் முதல் உண்மையான முடிவு. புதுச் சுவர் பழைய பக்கச் சுவரின் நேரில் போவதா, பின் சுவருக்குச் செங்குத்தாகப் போவதா? நான் செங்குத்துக்குப் போனேன். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் 2 பாகை மடிப்பு விழும், அந்த இடத்தில் பீலித் தண்ணீர்க் குழாயை இறக்கினால் கண்ணுக்குத் தெரியாது. சாய்ந்த நேரில் போனால் அறை ஒரு பக்கம் அகலம், கூரையில் கைமரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், சீற் விளிம்பு வெட்டி வெட்டிப் போக வேண்டும், தரைக்கு மாபிள் பதிக்கும்போது ஓரத்தில் ஆப்பு மாதிரித் துண்டு வரும். என்றாலும் இது என் விருப்பம்தான். வெளிப்பக்கம் தெருவைப் பார்த்திருந்தால், மடிப்பு எடுப்பாகத் தெரியும் என்று வேறு மாதிரி முடிவெடுத்தாலும் பிழை சொல்ல மாட்டேன். பிளான் கீறுபவர் இதைத் தானாகத் தீர்க்கக் கூடாது. இரண்டையும் கீறிக் காட்டி வீட்டுக்காரரிடம் வாய்ப்பேச்சாக இல்லாமல் ஒரு வரி எழுத்தில் வாங்குங்கள்.

நான்காவது தரம் வந்ததுதான் முழு உண்மையான மாற்றம். நிலையம் பார்க்கிற ஐயா வந்து போயிருந்தார். மனையடி சாஸ்திரத்தில் 11 அடி நல்லது, ஆனால் பூச்சு முடிந்து ஆள் நிற்கிற அளவு 11 ஆக இருக்க வேண்டும், 10 அடி 11 ஆகாது என்றுவிட்டார். அத்திவாரம் அப்போது கட்டி முடிந்துவிட்டது. நம்பிக்கை சரியா பிழையா என்பது எங்கள் வேலை இல்லை. வீட்டுக்காரருக்கு அது கட்டாயம் என்றால் அதுவும் ஒரு அளவுதான். எங்கள் வேலை அந்த ஒரு அங்குலத்தை எங்கே இருந்து எடுப்பது என்று பார்ப்பது.

இந்த இடத்தில் தொடர் அளவு கைகொடுக்கும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி அளவு போடாமல், ஒரே மூலையில் நாடாவை வைத்து இழுத்துக்கொண்டே போய்ச் சுவர் முகம் ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று எழுதுவது. எங்கள் வரிசைக்கு அது இப்படி: 0, 6 அங்குலம், 11 அடி 6, 12 அடி, 16 அடி, 16 அடி 6, 26 அடி 6, 27 அடி. பெரிய அறையைக் கல்லுக்குக் கல்லு 11 அடி 1 ஆக்கினால் இரண்டாம் சுவரின் இரண்டு முகமும் 11 அடி 7, 12 அடி 1 ஆகும். நடையை ஒரு அங்குலம் குறைத்து 3 அடி 11 எடுத்தால் அடுத்த முகம் அதே 16 அடியில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் அசையவில்லை. பூச்சுக்குப் பிறகு நடை 3 அடி 10, ஆட்கள் கட்டில் தூக்கிப் போகத் தாராளம். எட்டு எண்ணில் இரண்டு மட்டும் மாறியது. மேசனுக்கு அந்த இரண்டை மட்டும் சொன்னால் போதும். தனித்தனி அளவு போட்டிருந்தால் எது மாறியது எது மாறவில்லை என்று அவர் முழுப் படத்தையும் திரும்பக் கூட்டிப் பார்க்க வேண்டும், அவர் பார்க்கவும் மாட்டார்.

ஒரு அங்குலம் என்றபடியால்தான் இதை அத்திவாரத்துக்குப் பிறகு சொல்ல முடிந்தது. அந்த அத்திவாரத்தின் மேல் அகலம் 12 அங்குலம், நடுவில் 6 அங்குலச் சுவர், இரு பக்கமும் 3 அங்குலம் மிச்சம். ஒரு அங்குலம் நகர்ந்தாலும் சுவர் நன்றாக உள்ளேதான் இருக்கிறது. மூன்று அங்குலம் கேட்டிருந்தால் சுவர் விளிம்பில் வந்து நின்றிருக்கும், அதற்கு நான் ஓம் என்று சொல்லியிருக்க மாட்டேன். அடியில் மண் எப்படி என்று தெரியாமல் சுமையை ஓரத்துக்குத் தள்ளுவது படவரைஞர் முடிவெடுக்கிற விசயம் இல்லை. முருங்கன் பக்கக் களிமண் மாதிரி மாரியில் ஊதிக் கோடையில் வெடிக்கிற மண் என்றால் இன்னும் கவனம்.

சரி, இவ்வளவையும் போனில் இழுபட்டுத் தெரிந்துகொள்ளாமல் முதலே கேட்க முடியாதா என்றால், முடியும். அந்த வேலைக்குப் பிறகு நான் முதலில் அனுப்புவது பிளானை அல்ல, கேள்விப் படத்தை. கொப்பித் தாளில் உள்ளதை அப்படியே ஒற்றைக் கோட்டில் ஏ4 தாளில் கீறி, தெரிந்த அளவைக் கறுப்பில், சந்தேகமான அளவைச் சிவப்பில் `REVCLOUD` போட்டுச் சுற்றி, ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு இலக்கம். எழுத்து போன் திரையில் பெருப்பிக்காமல் வாசிக்கிற அளவில் பெரிதாக இருக்க வேண்டும். மேசன்மார் பி.டி.எப் திறக்க மாட்டார்கள், படமாக அனுப்புங்கள். கேள்வி ஐந்துக்கு மேல் போனால் ஒன்றுக்கும் பதில் வராது. ஒவ்வொன்றும் நாடாவால் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "அறை அளவை உறுதிப்படுத்தவும்" என்று கேட்டால் "ஓம் சரி" என்று பதில் வரும், பிரயோசனம் இல்லை. "இலக்கம் 2: பூச்சில்லாமல் கல்லில் இருந்து கல்லுக்கு எத்தனை அடி எத்தனை அங்குலம்?" என்று கேளுங்கள். நான் கட்டாயம் கேட்பது மூன்று: கல்லா பூச்சா, கொடுத்த வெளியளவை எந்த இடத்தில் அளந்தார்கள், பழைய வீட்டின் பின் மூலை இரண்டிலும் 6-க்கு 8 வைத்தால் குறுக்கு எவ்வளவு. மிச்சம் இரண்டும் வீட்டைப் பொறுத்தது. நிலையம் பார்த்தாயிற்றா என்று பெரும்பாலும் நாலாவதாகக் கேட்பேன். அத்திவாரம் வெட்ட முன் கேட்டால் அந்த ஐயாவின் ஒரு அங்குலம் சும்மா போயிருக்கும்.

பதிலை எழுத்தில் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். அவர்கள் கை சீமெந்தில் இருக்கும், குரல் பதிவு போதும். நீங்கள் அதைக் கேட்டு எழுதி, "நீங்கள் சொன்னது இது" என்று ஒரு வரி திருப்பி அனுப்பினால் அதுதான் பிறகு உங்களுக்குச் சாட்சி.

கீறும்போது ஒரு பழக்கம் கட்டாயம் வேண்டும். அளவு மாறினால் சுவரை `STRETCH` பண்ணுங்கள், அளவு எழுத்தை மட்டும் தட்டி மாற்றாதீர்கள். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். கோடு 11 அடி நிற்கும், எழுத்து 11 அடி 1 சொல்லும், அடுத்த திருத்தத்தில் அந்தக் கோட்டில் இருந்து இன்னொன்றை அளந்தால் பொய் அடுத்த அறைக்கும் பரவும். பழைய கோப்பு ஒன்றில் யாராவது எழுத்தை மாற்றியிருக்கிறார்களா என்று சந்தேகம் என்றால், அளவைத் தெரிவு செய்து Properties-இல் Text override பெட்டியைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் உண்மை அளவு. ஏதாவது எண் கிடந்தால் அதை அழித்துவிட்டு `<>` போடுங்கள், உண்மையான அளவு திரும்பி வரும். பிறகு எந்தச் சுவர் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சில நேரம் திடுக்கிட வைக்கும்.

பழைய தாள் என்னும் பேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வேலையில் யன்னலை 2 அடி நகர்த்தித் திருத்திய படம் அனுப்பினேன், கொந்தராத்துக்காரரும் அச்செடுத்துக் கொடுத்தார். லிண்டல் மட்டம் வந்த பிறகு போனால் யன்னல் பழைய இடத்தில் நிற்கிறது. சீமெந்துக் கொட்டிலின் தட்டியில் ஆணியில் குத்தியிருந்தது முதல் படம். புதியது மடித்து யாருடையதோ சட்டைப் பையில். மேசனைக் குறை சொல்ல முடியவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே வீடு, ஒரே எழுத்து, மூலையில் எறும்பு மாதிரி ஒரு திகதி. பிழை என்னுடையதுதான். அதற்குப் பிறகு கோப்பின் பெயரும் தாளின் மூலையும் ஒன்றே: `R1`, `R2`, `R3` என்று இரண்டு அங்குல உயரத்தில். மாறிய இடத்தில் மட்டும் முகில் வட்டம். ஒவ்வொரு திருத்தமும் வேறு நிறத் தாளில் அச்செடுக்கச் சொல்வேன், முதலாவது வெள்ளை, இரண்டாவது மஞ்சள், மூன்றாவது பச்சை. "இப்ப பச்சைத் தாள்தான்" என்று போனில் சொன்னால் யாருக்கும் விளங்கும்.

இனி காசு. இதில் உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு ஒத்துவந்ததைச் சொல்கிறேன். கேள்விப் படமும் முதல் பிளானும் ஒரே விலைக்குள். பாதியைக் கேள்விப் படம் அனுப்ப முன் வாங்குவேன், ஏனென்றால் கேள்விப் படத்தோடு வேலையை வேறு ஆளிடம் கொண்டுபோகிறவர்களும் உண்டு. பூச்சு, நடுவளவு, மூலைமட்டம் என்று அளந்த விதத்தால் வந்த திருத்தத்துக்குக் காசு வாங்குவதில்லை, அதை முதலே கேட்டிருக்க வேண்டியது நான். சுவரோ கதவோ உண்மையில் இடம் மாறினால் இரண்டு தரம் சும்மா, மூன்றாவதில் இருந்து ஒவ்வொரு தாளுக்கும் தனி. இதை வேலை தொடங்க முன் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சண்டை. இந்தப் பிரிப்பு ஏன் வேலை செய்கிறது என்றால், கொந்தராத்துக்காரர் அந்தக் காசைத் தன் கையில் இருந்து தர விரும்ப மாட்டார், வீட்டுக்காரரிடம் போய் "இது உங்கட மாற்றம், அவர் காசு கேட்கிறார்" என்று சொல்வார். வீட்டுக்காரர் அப்போதுதான் உட்கார்ந்து யோசிப்பார். நான் மேலே சொன்ன வேலையில் நாலு தரம் போன் வந்தது. படத்தில் உண்மையில் மாறியது மூலைமட்ட முடிவும் அந்த ஒரு அங்குலமும், இரண்டுதான். மேலதிகக் காசு கேட்க வேண்டிவரவில்லை.

கடைசியாக எங்கள் எல்லை. பிரதேச சபை அனுமதிக்குப் போகிற படம் என்றால், அந்தச் சபை யாருடைய கையொப்பத்தை ஏற்கிறது என்று கீற முன்னர் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி எடுத்த பிறகு வெளிச்சுவரோ மலக்குழியோ நகர்ந்தால் அது கொந்தராத்துக்காரரோடு பேசித் தீர்க்கிற திருத்தம் அல்ல, சபைக்குத் திரும்பப் போக வேண்டியது. மலக்குழி முக்கியம், ஏனென்றால் பின்னுக்கு அறை இறக்கும்போது குழி இன்னும் பின்னுக்குப் போகும், அங்கே கிணறு இருக்கும். இரண்டுக்கும் இடையில் எத்தனை அடி விட வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, அந்தத் தூரத்தையும் படத்தில் அளவாகப் போட்டுவிடுங்கள். கொங்கிறீற் தூண், பீம், மேலே தட்டு இருக்கிற வீட்டில் ஒரு தூணை நாலு அங்குலம் நகர்த்தலாமா என்று கேட்டால், கணினியில் அது ஒரு நொடி வேலைதான், ஆனால் பதில் எங்களிடம் இல்லை. "பொறியியலாளர் சொன்னால் நகர்த்துகிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டு, அவர் சொல்லும் வரை கோட்டைத் தொடாமல் இருங்கள்.